ரெண்டு பேச்சு

செம்பாக்கம் பேபி எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதி தையல் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வந்த சட்டையை மேசைமேல் விரித்து, எங்கே தையல் தப்பியிருக்கிறது, எந்தப் பொத்தான் அரை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்க்கிற வேலை. பதினோரு வருஷமாக அதையே பார்த்ததில், எது இடம் மாறி இருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும்.

ஒரு சொல் எழுதியிருக்கிற விதத்தை வைத்தே சொல்வழக்கைக் கண்டுபிடிக்கிற சொற்படப் புதிர், அவளுக்கு ஒரு வாரப் பத்திரிகையின் கிழிந்த பக்கத்திலிருந்துதான் அறிமுகமானது. யாரோ சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த காகிதம். கட்டத்துக்குள் ‘மனுஷன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, வேறொன்றும் இல்லை. கூட இருந்த தனம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பெரிய மனுஷன்டி, அவ்ளோதான்” என்றாள் பேபி.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வெட்டுத் துணியில் சாக்குக்கட்டியால் பேபியே புதிர் எழுத ஆரம்பித்தாள். ‘மனசு’ என்று எழுதி, கீழ்ப்பாதியைத் துடைத்துவிடுவாள்: அரை மனசு. ‘வேலை’க்குத் தலைமேல் இன்னொரு ‘வேலை’: வேலைக்கு மேல் வேலை. அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அந்தத் தையல் ஷெட்டில் யாருமில்லை, சூப்பர்வைசரைத் தவிர.

எண்பத்தேழாம் வருஷம் சிட்லபாக்கத்தில் ஒரு வாசகர் வட்டம் சொற்படப் போட்டி அறிவித்தது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று நோட்டீஸில் இருந்தது. பேபி பெயர் கொடுத்தாள். கணவன் சவுரிமுத்துதான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். கல்யாண மண்டபத்து மேடையில் ஆறு நாற்காலி. பேங்கு ஆபீசர், இரண்டு வாத்தியார்கள், கல்லூரிப் பையன்கள், கடைசியில் பேபி. நடுவர் சம்பந்தம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்:

“எழுத்தோட சைஸ், அது இருக்கிற இடம், எத்தனை தடவை வருது, எல்லாத்துக்கும் அர்த்தம் உண்டு. அட்டையில எதுவும் சும்மா இருக்காது.”

பேபிக்கு அது பிடித்திருந்தது. நான்கு அட்டை வரை அவளும் பேங்கு ஆபீசர் லோகநாதனும் சமமாக வந்தார்கள். ஐந்தாவது அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவில் ‘பேச்சு’, ‘பேச்சு’. இரண்டாவதன் குறுக்கே மட்டும் சிவப்பில் ஒரு கோடு.

பேபி கை தூக்கினாள். “மறுபேச்சு இல்லை.”

“தவறு” என்றார் சம்பந்தம்.

லோகநாதன் கொஞ்சம் யோசித்து, “வெட்டிப் பேச்சு?” என்றார். கைதட்டல் எழுந்தது. சம்பந்தம் மதிப்பெண் போடச் சொன்னார்.

பேபி எழுந்து நின்றாள். “சார், ஒரு நிமிஷம். வெட்டிப் பேச்சுன்னா வெட்டின பேச்சு ஒண்ணு போதுமே. வெட்டாத பேச்சு அங்க இன்னாத்துக்கு நிக்குது?”

“உக்காரும்மா. அடுத்த அட்டை.”

“நீங்கதான சொன்னீங்க, அட்டையில எதுவும் சும்மா இருக்காதுன்னு? மொதல் பேச்சு இருக்கு. மறுபேச்சு அடிச்சிருக்கு. அதான் இல்லை. ஒண்ணுகூட மிச்சம் இல்லாம நான் கணக்கு சொல்லிட்டேன். அவரு ஒரு பேச்ச விட்டுட்டாரு.”

“நடுவர் தீர்ப்பே இறுதியானது.”

“இறுதியா இருக்கட்டும் சார். சரியா இருக்குதா?”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். சம்பந்தத்தின் முகம் சிவந்தது. மிச்ச அட்டைகள் முடியும்வரை பேபி உட்காரவே இல்லை. பதிலும் சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு தன் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். பரிசு லோகநாதனுக்குப் போனது.

வெளியே வந்ததும் அட்டை எழுதிய பெயிண்டர் துரை அவளிடம் வந்தான். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“யக்கா, தப்பு என்னுது. ஐயா குடுத்த சீட்டுல மொதல்ல பேச்சுன்னு எழுதிட்டு, பக்கத்துல இன்னொரு பேச்சு எழுதி கோடு போட்டிருந்தாரு. கோடு போட்டது மட்டுந்தான் வேணுமாம். ரெண்டும் வேணும் போலன்னு நான் ரெண்டயும் வரைஞ்சிட்டேன்.”

பேபி மறுநாளே சம்பந்தம் வீட்டுக்குப் போனாள். அவர் வாசல் கிரில் கேட்டைத் திறக்காமலே பேசினார்.

“பெயிண்டர் தப்பா வரைஞ்சா நான் என்னம்மா பண்றது? என் மனசுல இருந்த விடை வேற.”

“ஜனங்க உங்க மனசயா சார் பாத்தாங்க? அட்டையத்தான பாத்தாங்க.”

“படிச்சவங்க இதைப் பெரிசு பண்ண மாட்டாங்க” என்று உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை அவளை ராத்திரியெல்லாம் அரித்தது. மறுநாள் துணியில் இரண்டு பேச்சையும் எழுதி, கோடும் போட்டு ஷெட்டில் விரித்தாள். விடையைச் சொல்லாமல் கேட்டாள். முப்பது பேரில் இருபத்தாறு பேர் அவள் சொன்னதையே சொன்னார்கள். அதை எழுதி வட்டத்துக்குத் தபாலில் அனுப்பினாள். பதில் இல்லை.

பதில் அடுத்த வருஷ நோட்டீஸில் வந்தது. போட்டியாளர்கள் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்.

“வுட்டுத் தொலடி, பேஜாரு” என்றாள் தனம்.

“நான் போறேன். கேக்குறவங்களுக்கு இடம் உண்டுல்ல? கேக்கத்தான் போறேன்.”

இந்தமுறை ஷெட்டிலிருந்து பன்னிரண்டு பெண்கள் அவளோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் அட்டை: மேலே ‘பலன்’, அதற்கு நேர் கீழே ‘கை’. மேடையில் ஆறு பேரும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போதே பேபி சத்தமாகச் சொன்னாள்:

“கைமேல் பலன்!”

“பார்வையாளர்கள் பேசக்கூடாது” என்றார் சம்பந்தம்.

இரண்டாவது அட்டையில் ‘பாடம்’ தலைகீழாக இருந்தது.

“தலைகீழ்ப் பாடம்!”

அந்த அட்டையும் வீணாகிவிட்டது. மூன்றாவதும் அப்படியே. வட்டத்துச் செயலாளர் தேவானந்தம் கீழே இறங்கி வந்து கெஞ்சினார்.

“அம்மா, கொஞ்சம் வெளியே இருங்களேன்.”

“ஏன் சார்? தப்பா எதனா சொன்னேனா?”

“தப்பா சொல்லல. அதுதான் பிரச்சினையே.”

“அப்ப மேல ஒரு நாற்காலி போடுங்க. அங்க உக்காந்தா கை தூக்கித்தான் சொல்லுவேன். கீழ உக்கார வச்சா வாய் சும்மா இருக்காது.”

பின்வரிசையிலிருந்து, “போடுங்க சார் நாற்காலி!” என்று ஒரு குரல் வந்தது. பிறகு பல குரல்கள். தேவானந்தம் சம்பந்தத்தைப் பார்த்தார். அவர் அட்டைகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார். கடைசியில் ஏழாவது நாற்காலி வந்தது. பேபி செருப்பைச் சரிசெய்துகொண்டு படியேறினாள். பன்னிரண்டு பெண்களும் போட்ட சத்தத்தில் மைக் கீச்சிட்டது.

அவள் ஜெயிக்கவில்லை. கடைசி அட்டைக்கு அவளும், குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண்ணும் மிஞ்சினார்கள். அட்டையில் ‘காது’, ‘காது’ என்று இரண்டு தடவை. நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒட்டி எழுதியிருந்தது. பேபி, “ரெண்டு காது” என்றாள். சொல்லும்போதே அப்படி ஒரு சொல்வழக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“காதும் காதும் வச்ச மாதிரி” என்றாள் அந்தப் பெண்.

பேபி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சம்பந்தம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்து நிற்பாளோ என்று. அவள் எழுந்தாள்தான். நேரே போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“ஒட்டிகினு கீதே, அத நான் பாக்காம வுட்டுட்டேன் பாரு. சட்டையில இப்டி ஒட்டுனா வுடுவனா நானு?”

அடுத்த வருஷ நோட்டீஸில் படிப்பு பற்றி ஒரு வரியும் இல்லை. சம்பந்தம் நடுவராக இருப்பதை விட்டுவிட்டார் என்று சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டாரா என்று பேபியிடம் யாராவது விசாரித்தால், “அவரு கேக்கவும் இல்ல, நான் எதிர்பாக்கவும் இல்ல” என்பாள். தொண்ணூற்றாறில் கம்பெனியை மூடும்வரை செக்கிங் மேசையிலேயே இருந்தாள். போட்டிக்கு ஆறு தடவை போய், இரண்டு தடவை முதல் பரிசு வாங்கினாள். ஒவ்வொரு தடவையும் தையல் ஷெட்டிலிருந்து புதிதாக ஒருத்தியைப் பெயர் கொடுக்க வைத்து, மேடைவரை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.