கிரியேட்டின் தந்த ஒரு அடி

தசைக்கு வலுவூட்டும் கிரியேட்டின் தூள் டப்பா ஒன்றுதான். பங்கிட்டது இரண்டு பேர். நான் வெள்ளவத்தையிலிருந்து காப்புறுதி அலுவலகத்துக்குப் போய்வருபவன், நாற்பத்தேழு வயதிலும் நீளம் பாய்பவன். நண்பன் கொட்டாஞ்சேனைக்காரன். பேலியகொடையில் மொத்த மீன் வியாபாரம் செய்கிறான், போட்டிகளில் இரும்புக் குண்டு எறிகிறான். மூத்தோர் தடகளத் தெரிவுப் போட்டிக்கு எட்டு வாரங்கள் இருந்தன. வெளிநாட்டுக்குப் போகும் அணியில் சேர எனக்கு 5.40 மீற்றர் தேவை. முந்திய வருடத்தின் சிறந்த பாய்ச்சல் 5.26.

தினமும் காலையில் ஐந்து கிராம், ஒரு கோப்பைத் தண்ணீரில். முதல் வாரத்தில் நாலு மடங்கு குடித்து விரைவாக நிரப்பும் வழியும் உண்டு. எனக்கு அவசரம் பிடிக்காது. நாலாம் வாரத்தில் நிறை ஒன்று தசம் மூன்று கிலோ கூடியிருந்தது. பெரும்பாலும் தசைக்குள் இழுபட்ட தண்ணீர் என்று தெரிந்தும் தினமும் இரண்டு தரம் தராசில் ஏறினேன்.

“எனக்கு நிறை ஏறினா குண்டுக்குப் பின்னால நிக்கும். உனக்கு ஏறினா நீயே தூக்கிக்கொண்டு பறக்க வேணும் மச்சான்,” என்றான் நண்பன். பிறகு, “ஆனா எனக்கு ஒண்டும் ஏறேல்லையே?”

“நீ மீனிலயே வளர்ந்தனீ. மீனில இருக்கிற கிரியேட்டின் உன்ட தசையில ஏற்கெனவே நிறைய இருக்கும். நான் பிறந்ததிலிருந்து சைவம்.”

“அப்ப நான் கூடையில விக்கிறதை நீ கரண்டியில குடிக்கிறாய். வீட்டில சொல்லிட்டியா?”

பயன் பளு தூக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. வெடித்தெழும் முதல் சில விநாடிகளுக்கான சக்தி தசையில் கொஞ்சம்தான் இருக்கும். கிரியேட்டின் அந்த இருப்பைக் கூட்டி, தீர்ந்ததைச் சீக்கிரம் நிரப்பும். நாலாம் சுற்றில் கைவிட்டவன் ஆறு சுற்று முடித்தேன். கூடிய அந்தப் பயிற்சிதான் காலில் சேர்ந்தது. மாடிவீட்டுக் கார் தரிப்பிடச் சுவரில் சுண்ணக்கட்டி பூசிய விரலால், நின்று தொடும் இடத்துக்கு மேலே துள்ளித் தொட்ட உயரம் நாற்பத்து நாலிலிருந்து நாற்பத்தெட்டு சென்ரிமீற்றர் ஆனது. நிறை, தூக்கம், தண்ணீர், எல்லாம் குறித்தேன்.

பாயுமுன் ஓடிவரும் தூரத்தை மட்டும் அளக்கவில்லை. மைதானத்தின் மணற்குழியைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். எட்டு வாரமும் வேறிடத்தில் ஏழே எட்டுகள் வைக்கும் குறுகிய ஓட்டத்துடன்தான் பாய்ந்தேன். முழு ஓட்டம் பதினைந்து எட்டுகள்; தொடக்கக் குறி எழும்பும் பலகையிலிருந்து 28.60 மீற்றரில். மூன்று வருடமாக அதே எண்.

போட்டியில் மூன்று பாய்ச்சல்கள். முதலாவதில் என் கால் பலகையைத் தாண்டியது. சிவப்புக் கொடி: செல்லாது.

“நாலாவது எட்டிலயே நீ வழமையா மிதிக்கிற இடத்தைத் தாண்டிட்டாய்,” என்றான் ஓடுபாதை ஓரத்தில் நின்ற நண்பன். “ஒரு அடி பின்னுக்குப் போ.”

“காற்றுத் தள்ளினது. 28.60 சரியான அளவு.”

“அளவு சரி. கால் பழைய கால் இல்லை.”

நான் கேட்கவில்லை. இரண்டாவதிலும் சிவப்புக் கொடி; இம்முறை பலகைக்கு அப்பால் இருபத்தெட்டு சென்ரிமீற்றர். குனிந்து நானே நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். நடுவர் பொறுமையாக நின்றார்.

உட்கார முடியவில்லை. சப்பாத்துக் கயிற்றை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினேன். உறுதியாகத் தள்ளும் கால் ஒவ்வொரு எட்டையும் சிறிது நீட்டியிருக்கிறது. பதினைந்து எட்டில் அது ஒரு அடி. கணக்கு எனக்கு விளங்கியது. ஆனால் இன்னொரு சிவப்புக் கொடி என்றால் தாளில் என் பெயருக்கு நேரே தூரமே இருக்காது. குறியை ஒன்றரை அடி பின்னுக்கு வைத்தேன்.

“ஒண்டு எண்டனே,” என்றான்.

“பாதுகாப்புக்கு.”

“உனக்கா, பலகைக்கா?”

ஓடினேன். எழும்பியபோதே இது வேறு உயரம் என்று உடம்பு சொன்னது. வெள்ளைக் கொடி. 5.33.

பலகையின் மணற்பக்க விளிம்புக்கு இப்பால் என் ஆணிச் சப்பாத்து பதிந்த இடத்தில் நண்பன் குந்தியிருந்தான். விரித்த கையை வைத்துப் பார்த்தான். நாடா வைத்தேன்: பதினேழு சென்ரிமீற்றர். உண்மையில் நான் பாய்ந்தது ஐந்தரை மீற்றர். தூரம் அந்த விளிம்பிலிருந்துதான் அளக்கப்படும்.

தெரிவுப் பட்டியலை வாசித்தார்கள். என் பெயர் இல்லை. நண்பனும் தன் பழைய தூரத்தையே எறிந்திருந்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

“வா, பஸ் பிடிப்பம்.”

“நீ பலகையடியில நில். குறியை ஒரு அடி மட்டும் பின்னுக்கு வைச்சு ஓடிப் பாக்கிறன்.”

“முடிஞ்சுது மச்சான்.”

“தெரியும்.”

அவன் பையை இறக்கிவிட்டுப் பலகையருகே நின்றான். குறியை முன்னுக்கு நகர்த்தி, பாயாமல், குழியைக் கடந்து ஓடினேன்.

“இரண்டு விரல் இப்பால. சரியா வருது,” என்றான்.

திரும்பவும் குறிக்கு நடந்தேன்.