லேமினேட் செய்யப்பட்ட சம்மதம்

சலவைக்கடை அக்காவுக்குச் சம்பளம், துணிகளில் அடையாளம் எழுதுவதற்கு. பெயர் வாங்கிக் கொடுத்ததென்னவோ பள்ளிக்கூடச் சுற்றறிக்கைகள். ஊருக்குப் புதிதாக வந்து, இங்குள்ள மொழி இன்னும் பிடிபடாத அம்மாக்கள் சுற்றறிக்கையைப் படம் பிடித்து அவர் போனுக்குத் தள்ளிவிடுவார்கள். அக்கா கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். மேலே வணக்கமும் வாழ்த்தும்தான். நம் தலையில் விழும் வேலை கீழே இருக்கும் என்பது பதினோரு வருட ஆராய்ச்சி.

அந்த வியாழக்கிழமை மதியம் வந்த படத்தில் கீழ்ப்பகுதியே இல்லை. அனுப்பியவள் பேக்கரியில் வேலை பார்ப்பவள்; வந்து இரண்டு மாதம். கொஞ்ச நேரத்தில், மாவு ஒட்டிய சட்டையோடு ஆளே வந்து நின்றாள்.

“அக்கா, நாளைக்கு லீவுதானே? போன்ல மொழிபெயர்த்துப் பார்த்தா அப்படித்தான் சொல்லுது.”

“போன் என்ன உன் பொண்ணோட ஹெட்மிஸ்ட்ரஸ்ஸா? லீவு திங்கக்கிழமை. நாளைக்கு மீன் காட்சியகம் கூட்டிட்டுப் போறாங்க.”

“அதுக்குத்தான் அதுல ஏதோ பணம் போட்டிருக்கா?” குரல் இறங்கியது.

“அது பருவக் கட்டணம்மா, மாசக் கடைசிக்குள்ள கட்டலாம். டூருக்குத் தனியா காசு கிடையாதுன்னு போட்டிருக்கு. ஆனா சம்மதச் சீட்டு இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல இருக்கணும். இல்லன்னா பாப்பா மட்டும் வேற கிளாஸ்ல உக்காந்திருக்கும். சீட்டு எங்க?”

“கத்தரிக்கோல் படம் போட்டிருந்துச்சேன்னு வெட்டிட்டேன்கா. பத்திரமா இருக்கு.”

பத்திரம் என்றால் உங்கள் வீட்டு, என் வீட்டுப் பத்திரம் இல்லை. முத்திரை விழுந்த காகிதம் எதுவானாலும் அவள் வீட்டில் உடனே லேமினேட் ஆகிவிடும். விசா ஆபீஸில் ஒரு தாள் கசங்கியதற்காக மூன்று முறை அலைந்தவளுக்கு வேறு எந்தக் கடவுள் மேலும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பையிலிருந்து சீட்டை எடுத்தாள். பள்ளி முத்திரையோடு, பளபளவென்று, ஒரு எழுத்தும் நிரப்பாமல்.

அக்கா பேனாவை வைத்தார். வழுக்கிக்கொண்டு போனது.

“பிரிச்சா?” என்றாள்.

“முத்திரையோட கிழியும்.”

மணி மூன்றரை. அவள் கண் கலங்கிவிட்டது. அக்காவோ சிரிக்க ஆரம்பித்தார்.

“அடி அசடே, எந்தக் கடைக்கு வந்திருக்க?” என்று காதில் செருகியிருந்த துணி மார்க்கரை உருவினார். “ஓட்டல் போர்வையில இது நூறு வெந்நீர் பார்த்தும் அழியல. உன் பிளாஸ்டிக் எம்மாத்திரம்!”

பெயர், வகுப்பு, ஒவ்வாமை இல்லை, அவசரத்துக்கு அழைக்கும் எண். ‘அனுப்பச் சம்மதம்’ கட்டத்தில் பெரிய டிக். கையெழுத்தை மட்டும் அவளையே போடச் சொன்னார். மை காய அக்கா ஊதிய ஊதலில் பக்கத்து ரசீதெல்லாம் பறந்தது. அவள் ஓடினாள். நாலுக்கு மூன்று நிமிஷம் முன்னால் ஆபீஸ் அம்மா சீட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க வாயைப் பொத்தியபடி வாங்கிக்கொண்டாராம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாப்பா கடைக்கு வந்து, மீன் எப்படி வாய் திறக்கும் என்று ஒவ்வொரு வாஷிங் மெஷின் கண்ணாடி முன்னும் நின்று செய்து காட்டியது.

அடுத்த வாரம் புதிய சுற்றறிக்கை வந்தது. இம்முறை நாலு மூலையும் தெரிந்த படம். அக்கா வழக்கம்போல் கடைசி வரியிலிருந்து தொடங்கினார். தொடங்கியவர் மேலே போகவே இல்லை. துணிமூட்டை மேல் சாய்ந்து சிரித்து, பேக்கரிக்குப் போன் போட்டார்.

“உன் புண்ணியத்துல பள்ளிக்கூடத்துக்கே புதுச் சட்டம் வந்திருக்குடி. ‘சீட்டை லேமினேட் செய்ய வேண்டாம்.’ தடித்த எழுத்துல!”