கமலாசனி ரீச்சரின் இருபது செக்கன்

கமலாசனி ரீச்சருக்கு இரண்டு வகை ஆட்களைக் கண்ணில் காட்டக்கூடாது. கணக்குச் செய்யாமல் விடை சொல்பவர் ஒருவர். அந்த விடைக்குத் தலையாட்டுபவர் மற்றவர். வவுனியாவில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முதல் வகை வருடத்தில் ஒருமுறை வரும். இரண்டாவது வகைக்கு அதிபர் வீரகத்தி இருந்தார். அங்கே கணிதம் படிப்பித்த நானும் இருந்தேன்.

ரீச்சர் கண்டாவளை வயல்காரர் ஒருவரின் மகள். கொழும்பில் விஞ்ஞானப் பயிற்சி முடித்து எங்களிடம் தற்காலிக ஆசிரியையாக வந்தவர். 1961இல் மேல்வகுப்புப் பௌதிகத்தை அவரிடம் கொடுத்தது அதிபரின் பெருந்தன்மையால் அல்ல. வேறு ஆள் இல்லை. பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வித்தியாதரிசி வந்து பார்த்துத் திருப்தி இல்லை என்று எழுதினால் ரீச்சர் தையல் படிப்பிக்க வேண்டியதுதான். அவருக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வராது. பௌதிகம் என்றால் உயிர்.

வித்தியாதரிசி கதிர்காமநாதன் மெயில் வண்டியில் வந்து இறங்கினார். அதிபர் ரீச்சரின் காதுக்குள் சொன்னார்: "பிள்ளை, ஐயா என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோ."

பௌதிக வகுப்பு மேசையில் ஆறு டோர்ச் பற்றரிகள், ஒன்பது வோல்ற்று. மின்னைத் தேக்கிவைக்கும் நூறு மைக்கிரோபரட் கண்டென்சர் ஒன்று. நடுவில் இருபக்கமும் சாயும் சுவிச். இந்தப் பக்கம் சாய்த்தால் கண்டென்சர் பத்தாயிரம் ஓம் தடை வழியாக நிரம்பும். அந்தப் பக்கம் சாய்த்தால் பற்றரி விலகி, இரண்டு இலட்சம் ஓம் தடை வழியாக வடியும். அந்தப் பக்கத்தில் ஒரு மீற்றரும் பூட்டியிருந்தது.

"வடியத் தொடங்கி இருபது செக்கனில் எவ்வளவு மிஞ்சும்?" என்று வித்தியாதரிசி கேட்டார்.

ரீச்சர் கரும்பலகையில் எழுதினார். இரண்டு இலட்சம் ஓமை நூறு மைக்கிரோபரட்டால் பெருக்கினால் இருபது செக்கன். அந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட மிஞ்சும். மூன்று தசம் மூன்று வோல்ற்று.

"பிழை. பத்தாயிரத்தாலைதான் பெருக்கவேணும். ஒரு செக்கன்தான் வரும். இருபதிலை ஒண்டும் மிஞ்சாது" என்றார் அவர்.

"பத்தாயிரம் நிரப்புற வழி, ஐயா. சுவிச்சை மாத்தினாப் பிறகு அதுக்கு இதிலை வேலை இல்லை."

அதிபர் இருமினார். நானும் தேவையில்லாமல் ஒரு இருமல் இருமினேன்.

ரீச்சர் நிரப்பினார், சுவிச்சைச் சாய்த்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். இருபது என்றேன். மீற்றரில் ஒன்று தசம் இரண்டு.

"பாத்தீங்களோ! மூண்டுமில்லை, ஒரு மண்ணுமில்லை!" வித்தியாதரிசிக்கு வாயெல்லாம் பல். தன்னுடைய பூச்சியமும் வரவில்லை என்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அதிபர் தலையாட்டினார். எனக்கும் தலை தானாக ஆடியது.

ரீச்சரின் முகம் வெளிறியது. மீற்றரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டுக் குட்டினார்.

"நானும் பிழை விட்டிட்டன், ஐயா. இந்த மீற்றரும் ஒரு தடைதான். அதுக்குள்ளையும் இரண்டு இலட்சம் ஓம் கிடக்கு. ஒரு வாசலாலை போகவேண்டியது இரண்டு வாசலாலை போட்டுது. அதுதான் இருபது செக்கன் பத்தாப் போனது. பத்திலை மூண்டு தசம் மூண்டு, இருபதிலை ஒண்டு தசம் இரண்டு. மீற்றர் பொய் சொல்லேல்லை."

"இப்ப சாட்டுச் சொல்லலாம்" என்றார் வித்தியாதரிசி.

"சாட்டில்லை. மீற்றரைக் கழட்டிப்போட்டு வடிய விடுறன். சரியா இருபதிலை தொடுறன்."

மீண்டும் நிரப்பினார். மீற்றரின் ஒரு வயரைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சுவிச்சைச் சாய்த்தார். நான் எண்ணினேன். இருபதில் வயர் தொட்டது. முள் துள்ளி மூன்றைத் தாண்டியது. உடனே கீழே இறங்கத் தொடங்கியது.

வித்தியாதரிசி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பத்தாயிரத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவேயில்லை. தேத்தண்ணி கேட்டார்.

பின்னேரம் ஆசிரியர் அறையில் ரீச்சர் அழுதுகொண்டிருந்தார். "ஏன் ரீச்சர், வெண்டிட்டீங்கள்தானே?" என்றேன்.

"என்ரை பிழையை நான் சொன்னன். அவரின்ரை பிழையை அவர் சொன்னவரோ? உங்களுக்குக் கணக்குத் தெரியும். நீங்களாவது வாய் துறந்தனீங்களோ?"

எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

வித்தியாதரிசி பள்ளிக்கூடத்துச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் இப்படி எழுதிவிட்டுப் போயிருந்தார்: "பரிசோதனை திருப்தி. தகுந்த ஆண் பட்டதாரி ஒருவர் வரும்வரை இவரே பௌதிகம் படிப்பிக்கலாம்."

எட்டு வருடம் ரீச்சர் தற்காலிக ஆசிரியையாகவே படிப்பித்தார். அவரிடம் படித்த மூன்று பேர் பொறியியல் படிக்கப் போனார்கள். வவுனியாவுக்கு மாற்றம் என்ற கடிதத்தைக் கண்டதும் தகுந்த ஆண் பட்டதாரிகள் எல்லோருக்கும் வயிற்றுவலி வந்தது. ஒருவரும் வந்து சேரவில்லை.