நூற்றில் முக்காலா, போட்ட ஓட்டில் முக்காலா

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசிக்க ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஆகிறது. சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் எப்போதோ சொல்லியாயிற்று. எழுத மட்டும் கை வரவில்லை. என் கையெழுத்தின் மேல் எனக்கே கோபம் வந்த கதை இது.

நான் படித்தது பிளஸ் டூ. தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்பிங்கிலும் ஹையர் பாஸ். சாந்தோமில் வீட்டு முன்னறையிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ‘இது மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று எழுதி, கையெழுத்தும் போன் நம்பரும் போடுவேன். மாதாவை நினைக்காமல் அந்தக் கையெழுத்தை நான் போட்டதில்லை.

ஆழ்வார்பேட்டையில் கம்பெனி வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் ஒரு செக்ரட்டரி எனக்கு அடிக்கடி வேலை அனுப்புவார். அந்த முறை வந்தது தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை நடத்தும் ஒரு குடும்பக் கம்பெனியின் காகிதங்கள். கம்பெனிக்குச் சொந்தமான கட்டடத்தை விற்பதற்குப் பங்குதாரர் கூட்டம் கூட்டுகிறார்கள். பங்குதாரர்களில் ஒரு அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்பதால் நோட்டீஸ், போர்டு தீர்மானம், கம்பெனியின் அமைப்பு விதிகள் மூன்றையும் தமிழில் கேட்டார்கள். அமைப்பு விதிகளை அந்த ஆபீசில் ஆர்ட்டிகிள்ஸ் என்றுதான் சொல்வார்கள்.

போர்டு தீர்மானத்தைப் படித்ததும் செக்ரட்டரிக்கும் எனக்கும் சண்டை. இரண்டு டைரக்டர்கள், அந்தக் குடும்பத்தின் மூத்த அண்ணனும் கடைசித் தம்பியும், கூடி முடிவெடுத்திருந்தார்கள். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அண்ணனுக்கு அதிகாரம். ஆனால் ‘பங்குதாரர்களின் ஒப்புதலுக்கு உட்பட்டு’.

“அந்த உட்பட்டு எல்லாம் எதுக்கு மேடம்? படிக்கிறவங்க குழம்புவாங்க. சிம்பிளா போடுங்க.”

“அதை எடுத்துட்டா அவருக்கு இன்னைக்கே விக்கிற அதிகாரம் வந்துரும் சார். போர்டு அப்படிக் குடுக்கலையே.”

“சரி, சரி, போடுங்க. உங்ககிட்ட வாய் குடுத்து மீள முடியாது.”

ஜெயித்துவிட்ட பெருமையோடு அமைப்பு விதிகளை எடுத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. பெரும்பாலான கம்பெனிகளின் விதிகள் வரிக்கு வரி ஒன்றாகவே இருக்கும். அதனால் முன்பு செய்த பாராக்களை ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருப்போம். புது வேலை வந்தால் அதிலிருந்து எடுத்து ஒட்டி, பெயரை மட்டும் மாற்றுவோம். கட்டடம் விற்பது பற்றிய பிரிவில் முக்கால் பங்கு என்பது கண்ணில் பட்டது. என் ஃபைலில் சிறப்புத் தீர்மானம் பாரா தயாராக இருந்தது: ‘அளிக்கப்பட்ட வாக்குகளில் முக்கால் பங்குக்குக் குறையாமல் ஆதரவு.’ ஒட்டினேன். கையெழுத்துப் போட்டேன்.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்பு, காலைப் பூசை முடிந்து வந்து காபி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவே வாசலில் வந்து நின்றார். கடைசிப் பக்கத்து நம்பருக்குப் பேசி, வழி விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். டைரக்டர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த சகோதரரின் மனைவி. கணவர் இறந்து இரண்டு வருஷம். கடைக்கு மேல் மாடியில்தான் பிள்ளைகளோடு குடியிருக்கிறார். கட்டடம் போனால் வீடும் போச்சு.

“பெரியவரு, எங்க வீட்டுக்காரரோட அண்ணன், ஒரு லெட்டர் குடுத்திருக்காரு அக்கா, விக்க சம்மதம்னு. உன் ஓட்டு இல்லாட்டியும் நடக்கப்போவுது, கையெழுத்துப் போட்டா குடும்பத்துக்கு மரியாதைன்றாரு. உங்க தமிழைப் படிச்சேன். அவரு சொல்றது சரியாத்தான் கீது. ஆனா எங்க வீட்டுக்காரரு வேற மாதிரி சொல்லுவாரு. நாம வேணாம்னு சொல்லி, ஊர்ல இருக்கிற நாத்தனாரும் வராம இருந்தாலே விக்க முடியாதாம்.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கணவர்கள் சொல்லிவிட்டுப் போனதற்கெல்லாம் நான் பொறுப்பா? “எழுதியிருக்கிறதைத்தாம்மா நான் எழுதினேன்” என்று சொல்லிக்கொண்டே, அவர் திருப்திக்காக இங்கிலீஷ் பிரதியை எடுத்தேன்.

அதில் இருந்தது வேறு. ‘செலுத்தப்பட்ட மொத்தப் பங்கு மூலதனத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வைத்திருக்கும் உறுப்பினர்களின் சம்மதம்.’ இந்தப் பிரிவை மாற்றுவதற்கும் அதே சம்மதம் வேண்டும் என்று அடுத்த வரி. அந்த அண்ணன் தம்பிகளின் அப்பா வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போன பூட்டு அது.

யாருக்கு எத்தனை பங்கு என்று அந்த அம்மாவிடம் கேட்டு, ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நூறு பங்கில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து எழுபது. இந்த அம்மாவுக்கு இருபது. கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனாருக்குப் பத்து. அவர் யார் பக்கமும் சேராமல், கூட்டத்துக்கும் வராமல், பதிலாளும் அனுப்பாமல் இருப்பவர். நான் எழுதியபடி பார்த்தால் விழுகிற ஓட்டு தொண்ணூறு, அதில் முக்கால் அறுபத்தேழரை. அவர்களுடைய எழுபது அதைத் தாண்டிவிடும். மூலத்தில் இருக்கிறபடி, வராதவர் பங்கையும் சேர்த்து நூற்றில் எழுபத்தைந்து வேண்டும். எழுபது போதாது.

“லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?”

“நாளைக்கித் தர்றேன்னேன்.”

“போடாதீங்க. தப்பு என்னுது.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “காபி ஆறுது அக்கா” என்றார்.

செக்ரட்டரிக்குப் போன் செய்தேன்.

“முக்கால்னா முக்கால்தானே மேடம்? எல்லாருக்கும் அனுப்பியாச்சு. இங்கிலீஷ்தான் செல்லும், விடுங்க.”

“அந்தம்மா இங்கிலீஷையா சார் படிச்சாங்க? என் தமிழைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட இருந்தாங்க.”

“பெரியவர் என்னைத்தான் கத்துவாரு.”

“என்னைக் கத்தச் சொல்லுங்க.”

திருத்தம் அடித்து, எந்தப் பிரிவு, முன்பு எழுதியது என்ன, சரியானது என்ன, பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆழ்வார்பேட்டைக்குப் போக என் வீட்டுக்காரர் ஆட்டோவை எடுத்தார். “இன்னாம்மா, ஒரு வரிக்கா இம்மாம் ஓட்டம்?” என்று சிக்னலுக்கு சிக்னல் கேட்டார். செக்ரட்டரி திருத்தத்தை வாங்கி, இங்கிலீஷ் பிரதியோடு ஒப்பிட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு நாலு பங்குதாரர்களுக்கும் அன்றைக்கே அனுப்பினார். அதை அவர் கணக்கில் நான் நன்றியோடு சொல்ல வேண்டும்.

கூட்டத்தன்று அந்த அம்மா கெஞ்சியதால் போனேன். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே உட்கார முடியாது என்பதால் மாடிப்படியில் நின்று ஜெபமாலை உருட்டினேன். பங்குகளை எண்ணினார்கள். சம்மதம் எழுபது, எதிர்ப்பு இருபது. தேவையான எழுபத்தைந்து இல்லாததால் தீர்மானம் நிறைவேறவில்லை என்று செக்ரட்டரி படித்தது வெளியிலேயே கேட்டது.

பெரியவர் படியில் இறங்கும்போது என் எதிரில் நின்றார். “மொதல்ல ஒண்ணு எழுதுவீங்க, அப்புறம் ஒண்ணு எழுதுவீங்க. இதுக்கு ஒரு கையெழுத்து வேற.” அவர் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. அன்றிரவே பழைய பாராக்கள் இருந்த அந்த ஃபைலை அழித்தேன். இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்கிறேன். நேரம் இரண்டு மடங்கு ஆகிறது, வேலை தருபவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

அந்த அம்மா இன்றும் அதே மாடியில் இருக்கிறார். நாத்தனார் ஒருநாள் மனம் மாறிச் சம்மதித்தால் எண்பது ஆகிவிடும்; அது அவர்கள் குடும்பத்து விஷயம். ஆனால் பூசைக்கு வருகிறவர்கள் நடுவில் கதை வேறு விதமாக உலாவுகிறது. நான் ஒரு விதவையின் வீட்டைக் காப்பாற்றினேனாம். வீட்டைக் காத்தது அவர் மாமனார் எழுதி வைத்த வரி. நான் செய்தது அதை மாற்றி எழுதியது. பிறகு, அவர் வாசலுக்கு வந்து கேட்டதால் திருத்தியது. இதை யாரிடமாவது சொல்வதானால் இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். என் பிழையை விட்டுவிடாதீர்கள். என் பெயருக்குப் புண்ணியம் எதையும் சேர்க்காதீர்கள். எழுபது, இருபது, பத்து, அது அப்படியே இருக்கட்டும்.