வராத சனி, ஞாயிறு வியாபாரம்

நோர்பரியில் உள்ள எங்கள் பலசரக்குக் கடையில் ஒன்லைன் விற்பனை தொடங்கிய இரண்டாம் மாதம், ஒரு சனி, ஞாயிறு விற்ற காசு வங்கிக்கு வந்து சேரவில்லை. ஆயிரத்து எண்ணூறு பவுண். கடையில் வேலை செய்யும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் பெண்ணின் மேல்தான் என் கணவருக்குச் சந்தேகம். சுவிஸிலிருந்து வந்தவர், வேலையில் கெட்டிக்காரி.

“ரீபண்ட் எல்லாம் அவதானே போடுறா? இந்தக் கிழமையோட வேலையால நிப்பாட்டுவம்.”

“பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ. நான் பாத்திட்டுச் சொல்லுறன்” என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் மேல் பழி போட இந்த மனுசனுக்கு அரை நிமிடம் போதும்.

பின்னறையில் அரிசி மூட்டையின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாள் விற்பனையிலும், பணம் வசூலித்துத் தரும் கம்பனியின் கட்டணத்தையும் ரீபண்டையும் கழித்து, வங்கிக் கூற்றில் வந்த தொகையோடு ஒத்துப் பார்த்தேன். அம்மனுக்கு நேர்ந்த வெள்ளியை விட்டால், மற்ற நாள்கள் சதம் பிசகாமல் சரி. ரீபண்ட் இரண்டே இரண்டுதான், அவையும் வாடிக்கையாளர்களின் அட்டைகளுக்கே திரும்பிப் போயிருந்தன. அக்கா ஒரு பிழையும் விடவில்லை.

பிறகுதான், அந்தக் கம்பனி காசு அனுப்பிய பட்டியலைத் திறந்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் காசும் ஒரே தொகையாக அனுப்பப்பட்டதென்று இருந்தது. பக்கத்தில் கணக்கின் கடைசி நான்கு இலக்கம். கடைக் கணக்கின் இலக்கம் அல்ல.

அது என் சாமிக் கணக்கு, நேர்த்திக் காசு சேர்க்க நான் வங்கியில் வைத்திருக்கும் தனிக் கணக்கு. அந்த ஒரு வெள்ளிக்கிழமை விற்பனையை அம்மனுக்கு நேர்ந்து, காசு போகும் கணக்கை நானேதான் மாற்றினேன். திங்கள் மத்தியானம் திரும்ப மாற்றிவிட்டேன். வெள்ளிக் காசு தனியாக வரும் என்று நினைத்தேனே தவிர, சனி, ஞாயிறையும் சேர்த்துத் திங்கள் காலையே அனுப்பிவிடுவார்கள் என்று தெரியாது. சாமிக்குப் போட்டதை எண்ணக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், அதனால் அந்தக் கணக்கை நான் திறந்தே பார்க்கவில்லை.

திறந்தேன். முழுக் காசும் பத்திரமாக இருந்தது. அப்பாடா என்று கதவில் சாய்ந்து சிரித்தேன், கண்ணீரும் வந்தது.

கணவரிடம் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“சாமியின்ர கணக்கிலயிருந்து எடுக்கலாமோ?”

“வெள்ளிக் காசு அம்மனுக்கு. மிச்சம் கடைக் காசு. அதை நான் எடுக்கிறன். நீங்கள் போய் அக்காவோட கதையுங்கோ.”

அவர் போகவில்லை. நான்தான் போனேன். அக்கா அடுக்குத் தட்டில் பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கை நிற்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“மூண்டு நாளா அண்ணை என்ர முகத்தைப் பாக்கேல்லை. எனக்கு விளங்கினது. ரெய்னர்ஸ் லேனில ஒரு கடையில வேலை கேட்டு வைச்சிருக்கிறன்.”

நான் அடுத்த பையை எடுத்து நீட்டினேன். அக்கா கடைசிப் பையையும் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அப்ப, நாளைக்கும் நான் வரட்டோ?”