துவைக்காத ஜிப்பா

சோற்றில் கை வைக்கும் முன் கலாதேவி விரல்களை மோந்து பார்ப்பாள். மலேசியாவில், ஈப்போவில் ஒரு துணிக்கடையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, பன்னிரண்டு வருஷமாக இதே பழக்கம். மூன்று தரம் சோப்புப் போட்டும் வாடை போகாத நாளில் கரண்டியால் சாப்பிடுவாள். துரைசாணி சாப்பிடுறாங்க என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள்.

அவர்களுக்கு என்ன, முன்னால் ஏசியில் நிற்கிறவர்கள். மூட்டை பிரிப்பது அவள். வாரக்கணக்காகக் கப்பலில் வெந்து வந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் மண்ணெண்ணெயும் அழுகிய மீனும் கலந்த மாதிரி ஒரு நெடி கிளம்பும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். அதைவிடக் குமட்டலானது போட்டுப் பார்த்துத் திரும்பி வருகிற சட்டைகள். காலரில் யாருடைய பவுடரோ, அக்குளில் யாருடைய ஈரமோ. அவற்றை மடித்து, ஊசி குத்தி, புது உறையில் போட்டு 'புதுசு' ஆக்குவதும் அவள் கைதான்.

ஒரு வருஷம் அந்தக் கை வெடித்தபோது கிளினிக் டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். துணி சுருங்காமல் மொடமொடவென்று நிற்க ஒருவகைப் பசையை ஏற்றுகிறார்கள். அதிலிருந்து ஃபார்மலின் கசிந்துகொண்டே இருக்கும். பிணத்தைக் கெடாமல் வைக்கிற அதே மருந்து. அடைத்த உறைக்குள் அது தேங்கிக் கிடக்கும். ஒரு தரம் துவைத்தாலே பெரும்பகுதி போய்விடும், முழுசாகப் போகாது. அன்றிலிருந்து செமோரில் இருக்கும் அவள் வீட்டில் இரண்டு தண்ணீர் பார்க்காத துணி எதுவும் அவள் உடம்பில் ஏறியதில்லை.

தங்கை தினேஸ்வரிக்குத் தலை தீபாவளி வந்தது. அப்பா அம்மா இல்லை. மாப்பிள்ளை தர்மாவுக்குத் துணி எடுத்துக் கொடுக்க வேண்டியது கலாதேவி. ஸ்டோரிலிருந்தே கருநீல ஜிப்பா ஒன்றை எடுத்தாள். அயர்ன் வேண்டாத துணி. வீட்டில் உறையைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. வாளியில் தண்ணீர்கூடப் பிடித்துவிட்டாள். ஆனால் மாப்பிள்ளைக்கு மடிப்புக் கலைந்த துணியையா கொடுப்பது? பழசைக் கொடுத்தார்கள் என்று அவன் அம்மா இருளாயி ஊரெல்லாம் சொல்வாள். ஜிப்பா மறுபடி உறைக்குள் போனது.

தீபாவளியன்று தர்மா எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஓரத்தில் மஞ்சள் தடவிய ஜிப்பாவை அப்படியே மாட்டினான். வெயிலில் கோயில், வீடு வீடாக விருந்து, மறுநாளும் அதே ஜிப்பா. மூன்றாம் நாள் கழுத்தைச் சுற்றியும், அக்குள் மடிப்புகளிலும், முழங்கை உள்பக்கமும் சிவந்து தடித்து நீர் கோத்தது. சொறிந்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. வந்தவள் கொண்டுவந்த வியாதி என்றாள் இருளாயி. தினேஸ்வரிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், படுக்கையும் தனி. அழுதுகொண்டே போன் பண்ணினாள்.

கலாதேவி தங்கை வாழ்க்கைப்பட்ட சிம்பாங் பூலாய் போய்ச் சேர்ந்தபோது தங்கையின் தட்டு வெளியே பைப்படியில் கவிழ்ந்து கிடந்தது. தர்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். துணியில் ஏற்றிய மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, தொற்று இல்லை, துவைத்தாலும் இந்த ஜிப்பாவை இனித் தொடாதே என்றார் டாக்டர்.

இருளாயி நம்பவில்லை. "புதுத் துணி எப்படிலா கடிக்கும்? மஞ்சள் வச்சுத்தானே குடுத்தேன்."

"மஞ்சள் ஓரத்துல இருக்கு, அத்தை. மருந்து துணி பூரா இருக்கு."

சொல்லிக்கொண்டே கலாதேவி வெள்ளை பேசினில் வெந்நீர் ஊற்றி ஜிப்பாவை அமுக்கினாள். தண்ணீர் சாக்கடை நீலமாயிற்று. ஆவியோடு அந்த மீன் வாடை எழுந்தது. இருளாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அது வெறும் சாயம், ஃபார்மலினுக்கு நிறமே கிடையாது என்பது கலாதேவிக்குத் தெரியும். திருத்தவில்லை. டாக்டர் பேச்சு செய்யாததை அழுக்குத் தண்ணீர் செய்தது.

"சீ, இதையா எம் மவன் ரெண்டு நாளு போட்டுக்கிட்டு திரிஞ்சான்" என்றாள் இருளாயி. பைப்படித் தட்டை அவளே எடுத்துக் கழுவி உள்ளே வைத்தாள்.

கிளம்பும்போது தினேஸ்வரி வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வரலன்னா என் கதி என்னக்கா? இதெல்லாம் முன்னாடியே யாருக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும், வாளியில் தண்ணீர்கூடப் பிடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள் கலாதேவி. பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது. ஜிப்பாவோ சேலையோ, தங்கை வீட்டுக்குத் துவைத்து, மடித்து, வெயில் வாசனையோடுதான் கொடுக்கிறாள். சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. அங்கே சாப்பிட உட்கார்ந்தால், கை சுத்தமாக இருக்கிற நாளிலும் கரண்டி கேட்கிறாள்.