பத்து மணிப் பேச்சும் எங்கள் டாலரும்

அன்று மகளுக்குச் சளி. பள்ளிக்கு அனுப்ப மனம் வரவில்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. எஸ்டேட் அலுவலகத்துக்கே தூக்கி வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் காலிச் சாக்குகளை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தேன். சாக்குத் தூசி அவளுக்கு ஆகுமா என்ற சந்தேகம் வந்ததும் எழுப்பி, மேலே என் துப்பட்டாவை விரித்து மறுபடி படுக்க வைத்தேன்.

ஏற்காட்டில் நான் கணக்கு பார்க்கும் எஸ்டேட், தன் காப்பியோடு செம்மநத்தத்துச் சிறு விவசாயிகளின் காப்பியையும் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும். பணம் டாலராக வரும். அதை வங்கியிடம் விற்று ரூபாயாக்குவது என் வேலை. டாலர் ஏறினால் எங்களுக்கு நல்லது, இறங்கினால் நஷ்டம். முதலாளி வைத்த வழக்கம் ஒன்று உண்டு. விவசாயிகளின் பங்கை, அவர்கள் சார்பில் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் விற்க வேண்டும். என்ன விலைக்குப் போனதோ அதுதான் அவர்களுக்கு. பிறகு யாரும் குறை பேசக் கூடாது.

அதற்கு முந்தைய மாதம் நான் பட்டது மறந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை விற்றிருக்கலாம், திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நம் நாட்டு டாலர் சந்தை மூடிய பிறகு, மாலையில், அமெரிக்காவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கு வந்தது. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. உலகெங்கும் டாலர் சரிந்தது. திங்கள் காலை நம் சந்தை வெள்ளி விட்ட இடத்தில் திறக்கவில்லை, பள்ளத்தில் திறந்தது. அது எஸ்டேட்டின் சொந்தப் பங்கு என்பதால் முதலாளி நஷ்டத்தைக் கணக்கில் எழுதச் சொன்னதோடு விட்டுவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று விற்க வேண்டியது செம்மநத்தத்துக்காரர்களின் பங்கு. ஐந்து குடும்பங்களின் சார்பில் வந்தவர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். அடிவாரத்து வியாபாரி ரொக்கமாகக் கொடுக்கிறேன் என்றபோது, மற்ற நால்வரையும் எஸ்டேட் பக்கம் இழுத்துவந்தவர் அவர். விலை கெட்டால் ஊரில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

"ஏனுங்க அம்மிணி, இன்னிக்கு வட்டியக் கொறைக்கறாங்களாமே? கொறைச்சா டாலர் ஏறுமாம். பையன் போன்ல காட்டுனான்."

"கொறைப்பாங்கன்னு எல்லாருமே நெனைக்கறாங்கண்ணா. அதனால அந்த ஏத்தத்துல பாதி ஏற்கெனவே ஏறிடுச்சு. கொறைக்காம விட்டாங்கன்னா ஏறுனது அப்படியே எறங்கும்."

"அப்ப கொறைப்பாங்களா, மாட்டாங்களா?"

"தெரியாதுங்க."

"இத்தன படிச்சிட்டு அது தெரியாதுங்களா?" என்று சிரித்தார். "பத்து மணி வரைக்கும் பாத்துட்டு வித்துக்கலாம் உடுங்க."

வட்டியை முடிவு செய்யும் மைய வங்கியின் தலைவர் மும்பையில் பத்து மணிக்குப் பேசத் தொடங்குவார். இப்போதே விற்றுவிடலாம் என்றேன். அவர் தலையாட்டவில்லை. பங்கு அவர்களுடையது, வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. அதனால் பாதுகாப்புக்கு ஒரு வழி செய்தேன். வங்கியில் டாலர் வாங்கி விற்கும் டீலரை அழைத்து ஸ்டாப் லாஸ் போட்டேன். நாங்கள் சொன்ன விலைக்குக் கீழே இறங்கினால், கேட்காமலேயே விற்றுவிடச் சொல்லும் ஆணை அது. அப்போதைய விலைக்குப் பதினைந்து காசு கீழே வைத்தேன்.

பத்தாகச் சற்று நேரம் இருக்கும்போது டீலரே திரும்ப அழைத்தார்.

"மேடம், அந்த ஆர்டர் அப்படியே இருக்கட்டுமா? அறிவிப்பு நேரத்துல வாங்கறதுக்கு ஆளே நிக்க மாட்டாங்க. பதினஞ்சு காசுல விக்க முடியாம, முப்பது காசு கீழ போய்க்கூட விக்க வேண்டி வரலாம். நீங்க சொன்ன விலை கிடைக்கும்னு நான் உத்தரவாதம் தர முடியாது."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா, எறங்கி அங்கேயே நின்னுட்டா, எறங்கினதுதான். உங்க முடிவுதான் மேடம்."

முதலாளி விமானத்தில் இருந்தார். நான் விவசாயியிடம் இரண்டையும் சொன்னேன். அவர் என் மகளைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க பணமா இருந்தா?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். வைக்கலாம், எடுக்கலாம், வைக்கலாம். "எடுத்துடுவேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

"அப்ப எடுங்க."

எடுத்தேன். உடனே தப்பு செய்துவிட்டதாகத் தோன்றியது.

திரையில் டாலர் விலை அசையாமல் நின்றது. பக்கத்தில் ஓடிய நேரலையில் தலைவர் உலக நிலவரம் பேசினார், விளைச்சல் பேசினார். மகள் இருமிக்கொண்டு எழுந்தாள். இடுப்பில் தூக்கிக்கொண்டேன். வட்டியில் மாற்றம் இல்லை என்று தலைவர் சொன்ன வாக்கியம் முடியும் முன்பே விலை விழுந்தது. பத்துக் காசு. இருபது. நான் ஸ்டாப் லாஸ் வைத்திருந்த இடத்தைத் தாண்டிப் போனது. இருபத்தெட்டு.

"அம்மிணி, வித்துடுங்க! வித்துடுங்க!"

டீலரை அழைத்தேன். மகள் காதருகில் அழுதாள்.

"இப்ப விலை தர முடியாது மேடம். திரையில பாக்கறது சும்மா. வாங்கற விலைக்கும் விக்கற விலைக்கும் நடுவுல பெரிய பள்ளமா இருக்கு. லைன்லயே இருங்க."

விவசாயி எழுந்து நின்றுவிட்டார். "ஊருல என்னன்னு சொல்லுவேன் நானு" என்றார். என்னிடம் சொல்லவில்லை. அவர் கைநீட்டி மகளை வாங்கிக்கொண்டார். "வா சாமி, எருமை வந்திருக்கா பாக்கலாம்" என்று சன்னலருகே போய்த் திரும்பி நின்றார். திரையைப் பார்க்காமல் இருக்கவே போனார் என்று நினைக்கிறேன். வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

பேச்சு தொடர்ந்தது. வளர்ச்சி மந்தமாகிறது, தேவைப்பட்டால் வட்டியைக் குறைக்கத் தயங்கமாட்டோம் என்றார் தலைவர். இன்று இல்லாவிட்டால் அடுத்த முறை. விலை நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. சரிவு இருபதானது, பதினைந்தானது, எட்டானது.

"மேடம், இப்ப உறுதியா விலை தரலாம். காலை விலைக்கு ஆறு காசு கீழே. வேணுமா?"

"அண்ணா, ஆறு காசு கீழ. விக்கட்டுங்களா, இல்ல நிக்கலாமா?"

அவர் திரும்பாமலே கேட்டார். "இன்னும் பேசிட்டிருக்காரா அந்த ஆளு?"

"பேசறாருங்க."

"அப்ப வித்துடுங்க. அவரு வாய மூடற வரைக்கும் நம்மளால தாங்க முடியாது."

பேசுவது பதிவாகும் வங்கி லைனில் தொகையைச் சொல்லி, விற்கிறேன் என்று தெளிவாகச் சொன்னேன். டீலர் திருப்பிச் சொன்னார். முடிந்தது. திரையை அணைத்தேன்.

"காலைலயே வித்திருந்தா ஆறு காசு மிச்சம்" என்றார் அவர். எனக்குச் சுருக்கென்றது. காலையில் சொன்னேனே என்று சொல்லவில்லை. இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமோ என்று அன்று முழுக்க யோசித்தேன். மதியம் விலை காலை நிலையைத் தாண்டி நான்கு காசு ஏறியதைப் பார்த்தபோது, அவசரப்பட்டோமோ என்றும் யோசித்தேன். ஸ்டாப் லாஸ் இருந்திருந்தால் அந்தப் பள்ளத்தின் அடியில் ஐந்து குடும்பத்தின் காப்பியும் போயிருக்கும் என்பதை அவரிடம் சொல்லவே இல்லை. அது என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சாகக் கேட்கும் என்று தோன்றியது.

அடுத்த தவணை டாலர் வந்ததும் அவருக்குப் போன் செய்தேன். வரமாட்டார், அடிவாரத்துக்குப் போவார் என்று பாதி எதிர்பார்த்தேன்.

"வர்றமுங்க அம்மிணி. நாலு பேருகிட்டயும் நொம்பப் பேச்சு வாங்கிட்டேன், அது கெடக்கட்டும். யாரும் பேசாத நாளாப் பாத்துச் சொல்லுங்க."

போனைப் பிடித்தபடியே நாட்காட்டியைப் புரட்டினேன். புதன் இரவு அமெரிக்க வட்டி முடிவு. வெள்ளி மாலை வேலைக் கணக்கு. அதற்கடுத்த வாரம் விலைவாசி.

"செவ்வாய் வாங்கண்ணா" என்றேன். "வந்ததும் காலைலயே வித்துடலாம்."

"செரீங்க. பாப்பாவுக்குச் சளி போயிருச்சுங்களா?"